சோலெஸ்கி முறையில் செயல்களை எண்ணுதல்: ஒரு நூலில் n³/6, இன்னொன்றில் n³/3, என் கைக்கணக்கில் 14

வளர்பிறை

மூன்று நாளாக இதே இடத்தில் நிற்கிறேன். Ax = b என்ற சமன்பாட்டுத் தொகுப்பில் A சமச்சீராகவும் பாசிட்டிவ் டெஃபினிட் ஆகவும் இருந்தால், A = LLᵀ என்று ஒரே ஒரு கீழ் முக்கோண அணியாகப் பிரித்துத் தீர்க்கலாம் என்பது புரிகிறது. பிரிக்க எத்தனை கணக்குச் செயல்கள் ஆகும் என்பதில்தான் குழப்பம். வகுப்பில் n³/6 என்றார்கள். நான் வைத்திருக்கும் நூலில் n³/3 என்றிருக்கிறது. எது சரி என்று பார்க்க 3×3 அணி ஒன்றை எடுத்துக் கையால் போட்டேன்.

A-இன் நிரைகள்: (4, 2, 6), (2, 10, 0), (6, 0, 14). வலப்பக்கம் b = (2, 22, −8).

L-இன் நிரைகள் (2), (1, 3), (3, −1, 2) என்று வந்தன. ஒவ்வொரு வர்க்கமூலம், வகுத்தல், பெருக்கல், கழித்தலையும் கோடு போட்டு எண்ணினேன். மொத்தம் 14. ஆனால் 27/6 என்பது 4.5, 27/3 என்பது 9. இரண்டுமே 14-க்குப் பக்கத்தில் வரவில்லை. எங்கே தவறு செய்கிறேன்?

தேன்மொழி

நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. n³/6 என்பது பெருக்கல்களை மட்டும் எண்ணுவது. கழித்தல்களும் ஏறத்தாழ அதே அளவு என்பதால் இரண்டையும் சேர்த்தால் n³/3. மின்கணினி வருவதற்கு முன், பெருக்கல்தான் நேரத்தை விழுங்கும், கழித்தல் பொருட்டல்ல என்று நினைத்தார்கள். அந்தப் பழக்கம் நூல்களில் தங்கிவிட்டது.

ஆனால் உண்மையில் செலவு பிடிப்பவை வர்க்கமூலங்கள். ஒரு பெருக்கலைவிட ஒரு வர்க்கமூலத்துக்குக் கணினி பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் வர்க்கமூலமே இல்லாத LDLᵀ வடிவத்துக்குப் போய்விடுங்கள். அது இதைவிட மிக வேகமானது.

ஆழிக்குமிழ்

ஓர் ஐயம். அணியின் வர்க்கமூலம் என்றால் B·B = A என்று வரும் B-ஐத்தானே சொல்ல வேண்டும்? அதற்கு ஐகன் மதிப்புகள் கண்டுபிடிக்க வேண்டுமே. அந்தச் செலவு இந்த n³/3-ஐவிட மிகவும் கூடுதல். நீங்கள் இருவரும் அதை எண்ணாமல் விட்டுவிட்டீர்களோ?

முக்கோணன்

ஆழிக்குமிழ், நீங்கள் சொல்வது வேறொரு வர்க்கமூலம். A சமச்சீர் பாசிட்டிவ் டெஃபினிட் ஆக இருந்தால் சமச்சீரான B ஒன்று உண்டு, அது B·B = A ஆக இருக்கும். இங்கே கேட்பது L·Lᵀ = A. ஓர் எண்ணை √a × √a என்று பிரிப்பதுபோல அணியைப் பிரிப்பதால் இதையும் வர்க்கமூல முறை என்கிறார்கள். இதற்கு ஐகன் மதிப்பே வேண்டாம். L முக்கோணமாக இருப்பதால் சமன்பாடுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடலாம். B-ஐ வைத்துக்கொண்டு அப்படிச் செய்ய முடியாது.

வளர்பிறை, உங்கள் 14 முற்றிலும் சரி. அது எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். நீங்கள் போட்ட வரிசையை இப்படி எழுதலாம்:

```python
for k in range(n):
    A[k,k] = sqrt(A[k,k])
    for i in range(k+1, n):
        A[i,k] /= A[k,k]
    for j in range(k+1, n):
        for i in range(j, n):
            A[i,j] -= A[i,k]*A[j,k]
```

முதல் சுற்றில் கையில் 3×3 அணி இருக்கிறது. √4 = 2, ஒரு வர்க்கமூலம். அதன் கீழே உள்ள 2, 6 இரண்டையும் அந்த 2-ஆல் வகுக்கிறீர்கள், 1, 3 கிடைக்கின்றன. இரண்டு வகுத்தல். மீதியுள்ள 2×2 பகுதியின் கீழ் முக்கோணத்தில் மூன்று உறுப்புகள்: 10 − 1·1 = 9, 0 − 3·1 = −3, 14 − 3·3 = 5. மூன்று பெருக்கல், மூன்று கழித்தல். ஆக முதல் சுற்றுக்கு 1 + 2 + 3 + 3 = 9.

இரண்டாம் சுற்றில் கையில் 2×2. √9 = 3, பிறகு −3/3 = −1, பிறகு 5 − (−1)(−1) = 4. ஒரு வர்க்கமூலம், ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல், ஒரு கழித்தல், ஆக 4. மூன்றாம் சுற்றில் √4 = 2 மட்டும், ஆக 1.

9, 4, 1. அதாவது 3², 2², 1². இது தற்செயல் அன்று. கையில் m×m அணி மிஞ்சியிருக்கும்போது ஒரு வர்க்கமூலம், m−1 வகுத்தல், m(m−1)/2 பெருக்கல், அதே அளவு கழித்தல். கூட்டிப் பாருங்கள்: 1 + (m−1) + m(m−1) = m². ஒவ்வொரு சுற்றுக்கும் சரியாக m² செயல்கள். எனவே மொத்தச் செலவு 1² + 2² + … + n² = n(n+1)(2n+1)/6. பள்ளியில் படித்த அதே சூத்திரம். இதை முதன்முதலில் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

விரித்தால் n³/3 + n²/2 + n/6. n = 3 என்று போட்டால் 9 + 4.5 + 0.5 = 14. நூல் சொல்லும் n³/3 இதன் தலை உறுப்பு மட்டுமே. n மூன்றாக இருக்கும்போது மீதி உறுப்புகள் தலையில் பாதிக்கும் மேல் நிற்கின்றன, அதனால்தான் உங்களுக்கு ஒத்துவரவில்லை. n = 1000 என்றால் மொத்தம் 33,38,33,500. இதில் n³/3 மட்டும் சுமார் 33 கோடியே 33 லட்சம். வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு.

வளர்பிறை

ஐயா, மிக்க நன்றி. 4×4 எடுத்து மீண்டும் எண்ணினேன், 30 வந்தது. 16 + 9 + 4 + 1. இனி இது மறக்காது.

பிரித்த பிறகு தீர்க்கும் பகுதியையும் எண்ணிவிட்டேன். Ly = b: y₁ = 2/2 = 1, y₂ = (22 − 1)/3 = 7, y₃ = (−8 − 3 + 7)/2 = −2. பிறகு Lᵀx = y-ஐப் பின்னோக்கிப் பிரதியிட்டால் x₃ = −1, x₂ = 2, x₁ = 1. ஒவ்வொரு பக்கமும் 9 செயல்கள், ஆக 18. வேடிக்கை என்னவென்றால், என் 3×3 கணக்கில் பிரிப்பதைவிடத் தீர்ப்பதற்குத்தான் செலவு கூடுதல்!

முக்கோணன்

சரியாக எண்ணியிருக்கிறீர்கள். ஒரு முக்கோணத்தைத் தீர்க்க n² செயல்கள், இரண்டுக்கும் 2n². n = 1000 ஆனால் அது 20 லட்சம் மட்டும், பிரிப்பதோ 33 கோடிக்கு மேல். எனவே b மாறிக்கொண்டே இருந்து A மாறாமல் இருந்தால் L-ஐப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சிலர் இதற்கு A-இன் நேர்மாறு அணியைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு மொத்தம் ஏறத்தாழ n³ செயல்கள் ஆகும், அதாவது மூன்று மடங்கு. பிறகு ஒவ்வொரு b-க்கும் நேர்மாறால் பெருக்குவதற்கும் அதே 2n² தான். மிச்சம் எதுவும் இல்லை.

தேன்மொழி, வர்க்கமூலத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். தனியாக எடுத்தால் அது மெதுவானதுதான். ஆனால் எத்தனை வருகிறது? ஒரு சுற்றுக்கு ஒன்று. n = 1000 என்றால் 33 கோடிச் செயல்களில் ஆயிரமே ஆயிரம் வர்க்கமூலங்கள். ஒவ்வொன்றும் முப்பது பெருக்கல்களுக்குச் சமம் என்று வைத்தாலும் முப்பதாயிரம்தான். LDLᵀ-ஐக் கவனமாக எழுதினால் ஒவ்வொரு சுற்றுக்கும் m² − 1 செயல்கள். வளர்பிறையின் அணியில் 14 என்பது 11 ஆகும். தீர்க்கும் பகுதியிலும் n செயல்கள் மிச்சமாகும். மொத்தச் சேமிப்பு 2n, அவ்வளவே.

தேன்மொழி

என் வேலையில் n ஆயிரம் இல்லை ஐயா. 3×3, 6×6 அணிகள், ஆனால் ஒரு நொடியில் லட்சக்கணக்கில் வரும். அங்கே 14-இல் 3 வர்க்கமூலம் என்பது பெரிய பங்கு. LDLᵀ-க்கு மாற்றியபோது நேரம் குறைந்ததை நானே அளந்திருக்கிறேன். பொதுவாகச் சொன்னது என் பிழை என்று ஏற்கிறேன், ஆனால் சிறிய அணிகளுக்கு என் பேச்சு நிற்கும்.

முக்கோணன்

சிறிய அணிகளுக்கு அது நிற்கலாம், மறுக்க மாட்டேன். அங்கே செயல்களின் எண்ணிக்கையைவிட, ஒரு செயல் முடியும் வரை அடுத்தது காத்திருக்க வேண்டியிருப்பதுதான் நேரத்தைத் தின்கிறது. வர்க்கமூலம் முடியாமல் வகுத்தல் தொடங்க முடியாது. ஆனால் LDLᵀ-இலும் வகுத்தல் இருக்கிறதே. எனவே எவ்வளவு மிச்சமாகும் என்பது அந்தந்தக் கருவியில் அளந்து பார்க்க வேண்டியது. எண்ணிக்கையிலிருந்து சொல்லிவிட முடியாது.

அறவாழி

என் சிக்கலையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன், இதே முறைதான். உணரிகளிலிருந்து வரும் அளவீடுகள் 20,000 நிரைகள், 60 நிரல்கள். மீச்சிறு வர்க்க முறையில் கெழுக்களைக் கண்டுபிடிக்க XᵀX அமைத்து அதைச் சோலெஸ்கியால் தீர்க்கிறேன். இரண்டு குறைகள். ஒன்று, மெதுவாக இருக்கிறது, எனவே வேகமான சோலெஸ்கி மென்பொருள் ஏதாவது உண்டா என்று தேடுகிறேன். இரண்டு, சில நாட்களின் தரவுக்கு `scipy.linalg.cholesky` இப்படி நின்றுவிடுகிறது:

```
LinAlgError: 41-th leading minor of the array is not positive definite
```

XᵀX எப்போதும் பாசிட்டிவ் டெஃபினிட் அல்லவா? நூலகத்தில் பிழை இருக்கிறதோ என்று தோன்றுகிறது.

கயல்

சோலெஸ்கியைக் குறை சொல்லாதீர்கள், எண்ணிப் பாருங்கள். XᵀX அமைக்க, சமச்சீர் என்பதால் பாதி உறுப்புகளை மட்டும் கணக்கிட்டாலும் 60·61/2 = 1830 உறுப்புகள். ஒவ்வொன்றுக்கும் 20,000 பெருக்கல், ஏறத்தாழ அதே அளவு கூட்டல். மொத்தம் 7 கோடியே 32 லட்சம். அதைப் பிரிக்கவோ 60·61·121/6 = 73,810 செயல்கள் மட்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு! சோலெஸ்கியை இரண்டு மடங்கு வேகமாக்கினாலும் உங்களுக்குத் தெரியவே தெரியாது. நேரம் போவது XᵀX அமைக்கும் இடத்தில். அதை for சுற்றுகளால் எழுதியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

முக்கோணன்

கயல் சொன்னதோடு இரண்டாவது குறைக்கு வருகிறேன். XᵀX-இல் குறைமதிப்பு வராது என்பது சரி, ஆனால் பூச்சியம் வரலாம். X-இன் நிரல்களில் ஒன்றை மற்றவற்றின் கூட்டாக எழுத முடிந்தால் அது பாசிட்டிவ் டெஃபினிட் அன்று.

வளர்பிறையின் அணியிலேயே பாருங்கள். மூலையில் 14-க்குப் பதில் 10 இருந்தால் முதல் சுற்றில் 10 − 9 = 1, இரண்டாம் சுற்றில் 1 − 1 = 0. கடைசி வர்க்கமூலம் √0. அணி பூச்சியக் கோவை அணி ஆகிவிட்டது. 9 இருந்தால் கடைசியில் √(−1) வந்து நின்றுவிடும். மூலைவிட்டத்தில் 4, 10, 9 என எல்லாம் மிகை எண்களாகத்தான் இருக்கின்றன, இருந்தும் அணி பாசிட்டிவ் டெஃபினிட் அன்று. வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாததைச் சோலெஸ்கி போகிற போக்கில் சொல்லிவிடுகிறது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இதுதான்.

உங்கள் செய்தியில் 41 என்ற எண் இருக்கிறதே, அது ஒரு துப்பு. முதல் 40 நிரல்கள் வரை குறை எதுவும் இல்லை. 41-ஆவது நிரல், தனக்கு முன்னால் உள்ளவற்றின் கூட்டாக இருக்கிறது, அல்லது கிட்டத்தட்ட அப்படி இருக்கிறது. அந்த நிரல் என்ன?

அறவாழி

பார்த்தேன். 41-ஆவது நிரல் ஃபாரன்ஹீட்டில் வெப்பநிலை. 7-ஆவது நிரல் அதே உணரியின் செல்சியஸ் அளவு. முதல் நிரல் முழுவதும் 1. ஒரே அளவீட்டை இரண்டு அலகுகளில் பதிந்திருக்கிறார்கள், நான் கவனிக்கவில்லை. ஆனால் இது எல்லா நாளும் அப்படித்தானே இருக்கிறது? ஏன் சில நாட்களில் மட்டும் நிற்கிறது?

முக்கோணன்

ஃபாரன்ஹீட் = 1.8 × செல்சியஸ் + 32 × முதல் நிரல். எனவே 41-ஆவது சுற்றில் வர்க்கமூலத்துக்குள் வர வேண்டியது சரியாகப் பூச்சியம். கணினியில் ஒவ்வொரு செயலிலும் முழுமையாக்கும் பிழை இருப்பதால் அது பூச்சியத்துக்குச் சற்று மேலேயோ கீழேயோ விழும். கீழே விழுந்த நாட்களில் கணக்கு நின்றுவிடுகிறது, நீங்கள் தப்பித்தீர்கள். மேலே விழுந்த நாட்களில் விடை கிடைத்துவிடுகிறது. எனக்குக் கவலை அந்த நாட்களைப் பற்றித்தான். அன்று வந்த கெழுக்களில் முதல், 7-ஆவது, 41-ஆவது மூன்றும் பொருளற்றவையாக இருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு k-க்கும் L-இன் மூலைவிட்ட உறுப்பின் வர்க்கத்தை A-இன் மூலைவிட்ட உறுப்போடு ஒப்பிடுங்கள். வளர்பிறையின் அணியில் கடைசியில் 14-இல் 4 மிஞ்சியது, ஆரோக்கியமான பங்கு. உங்கள் 41-ஆவது இடத்தில் அந்தப் பங்கு 10⁻¹⁵ போன்ற அளவில் இருக்கும். அது இரட்டைத் துல்லியத்தில் கணினி தாங்கும் எல்லை. அங்கே மிஞ்சியது தரவு அன்று, பிழையின் எச்சம்.

தேன்மொழி

மூலைவிட்டத்தில் எல்லா இடத்திலும் ஒரு சிறிய எண், 10⁻⁶ போல, கூட்டிவிட்டால் நிற்காது. நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

கயல்

நிற்காமல் ஓடும், ஆனால் தீர்ப்பது வேறொரு கணக்கு. தெரிந்து செய்தால் அது ஒரு முறை. தெரியாமல் செய்தால் ஃபாரன்ஹீட் நிரல் அங்கேயே ஒளிந்திருக்கும். அந்தச் சிறிய எண் எவ்வளவு என்பதும் நிரல்களின் அளவைப் பொறுத்தது. ஒரு நிரலில் எண்கள் லட்சங்களில் இருந்தால் 10⁻⁶ கரைந்தே போய்விடும்.

தேன்மொழி

அளவை ஒழுங்குபடுத்திய பிறகுதான் கூட்டுவேன். என் தரவில் நிரல்கள் மெய்யாகவே ஒன்றையொன்று ஒட்டியிருக்கும், எதையும் நீக்க முடியாது. அப்போது இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

முக்கோணன்

இருவருக்கும் இடையில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, அது தரவைப் பொறுத்தது. ஆனால் ஒன்று. XᵀX அமைக்கும்போதே தகவல் தொலைந்துவிடலாம், பிறகு என்ன செய்தாலும் திரும்பாது. X-இன் இரண்டு நிரல்கள் (1, ε, 0), (1, 0, ε) என்று இருக்கட்டும், ε = 10⁻⁸. அவை வெவ்வேறு நிரல்கள்தான். XᵀX-இன் மூலைவிட்டம் 1 + 10⁻¹⁶. இரட்டைத் துல்லியத்தில் அது வெறும் 1 ஆகிவிடும். நான்கு உறுப்புகளும் 1, இரண்டாம் சுற்றில் 1 − 1 = 0. இத்தகைய தரவுக்கு X-ஐ நேரடியாக QR முறையில் பிரிப்பது நல்லது. X-இல் m நிரைகள், n நிரல்கள் என்றால் அதற்கு ஏறத்தாழ 2mn² செயல்கள், XᵀX வழிக்கு ஏறத்தாழ mn². இரட்டிப்புச் செலவு, ஆனால் அறவாழியின் அளவுக்கு அது 14 கோடிச் செயல்கள்தான், தாங்கக் கூடியது.

நிலவரைவாளன்

இந்த முறை பிறந்ததே இப்படிப்பட்ட மீச்சிறு வர்க்கச் சமன்பாடுகளுக்காகத்தான். ஆந்திரே-லூயி சோலெஸ்கி பிரெஞ்சு ராணுவத்தில் நில அளவைப் பணி செய்தவர். 1918-இல் போரில் இறந்தார். முறையை அச்சில் வெளியிட்டவர் அவருடைய சக அதிகாரி பெனுவா, 1924-இல். கையால் கணக்குப் போடுபவருக்கு ஒவ்வொரு பெருக்கலும் உழைப்பு. சமச்சீரைப் பயன்படுத்தி காஸியன் நீக்கல் முறையின் 2n³/3-ஐப் பாதியாகக் குறைப்பது அவர்களுக்கு எத்தனை நாள் மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள்.

கையால் போடுபவர்களுக்கு ஒரு சோதனையும் சொல்கிறேன். L-இன் ஒரு நிரையில் உள்ள எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் A-இன் அந்த மூலைவிட்ட உறுப்பு வர வேண்டும். வளர்பிறையின் மூன்றாம் நிரை: 9 + 1 + 4 = 14. இதனால் L-இன் எந்த உறுப்பும் மூலைவிட்டத்தின் வர்க்கமூலத்தைத் தாண்டி வளர முடியாது. காஸியன் முறையில் எண்கள் வீங்காமல் இருக்க நிரைகளை இடம் மாற்றுவோமே, அந்த வேலை இங்கே தேவைப்படாததன் காரணம் இதுதான்.

வளர்பிறை

அறவாழி அண்ணாவின் கேள்வியால் நானும் நிறையக் கற்றேன். இன்னொன்று கேட்கலாமா? என் A-இல் (3, 2) இடத்தில் 0 இருந்தது. L-இல் அதே இடத்தில் −1 வந்துவிட்டது. பூச்சியங்கள் நிறைந்த பெரிய அணியில் இப்படி நடந்தால், பூச்சியங்களைத் தவிர்த்து மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணம் வீணாகிவிடாதா?

கயல்

நல்ல கண். அதே சமன்பாடுகளை வேறு வரிசையில் எழுதிப் பாருங்கள். முதல் மாறியைக் கடைசிக்குத் தள்ளினால் A-இன் நிரைகள் (10, 0, 2), (0, 14, 6), (2, 6, 4) ஆகும். இப்போது பிரித்தால் L-இல் (2, 1) இடத்தில் பூச்சியம் அப்படியே நிற்கும். பூச்சியத்தைத் தொடாமல் எண்ணினால் 3 வர்க்கமூலம், 2 வகுத்தல், 2 பெருக்கல், 2 கழித்தல், ஆக 9. அதே கணக்கு, அதே விடை, 14-க்குப் பதில் 9.

இதே வடிவத்தில் n = 1000 எடுத்தால், அதாவது முதல் நிரை, முதல் நிரல், மூலைவிட்டம் தவிர எல்லாம் பூச்சியம் என்றால், முதல் வரிசையில் ஒரே சுற்றில் முழு அணியும் நிரம்பி 33 கோடி. தலைகீழ் வரிசையில் 1000 + 3 × 999 = 3,997 செயல்கள். சூத்திரத்தில் n³/3 என்று எழுதிவிட்டுப் போனால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

வளர்பிறை

அப்படியென்றால் எந்த அணிக்கும் மிகக் குறைந்த செயல்கள் வரும் வரிசையைக் கண்டுபிடித்துவிட முடியுமா?

கயல்

மிகச் சிறந்த வரிசையைக் கண்டுபிடிப்பது NP-கடினமான கணக்கு. நடைமுறையில், ஒவ்வொரு சுற்றிலும் மற்றவற்றோடு மிகக் குறைவாக இணைந்திருக்கும் மாறியை முதலில் எடுப்பார்கள். பெரும்பாலும் நன்றாக வரும். உங்கள் 3×3-இல் அதுவே 9-ஐக் கொடுக்கும், போட்டுப் பாருங்கள்.

அறவாழி

ஃபாரன்ஹீட் நிரலை நீக்கிவிட்டேன். முன்பு நின்ற நாட்கள் எல்லாம் இப்போது ஓடுகின்றன. L-இன் மூலைவிட்டப் பங்குகளைப் பார்த்ததில் 53-ஆவது இடத்தில் 10⁻⁹ வருகிறது. அது ஈரப்பதம், வேறு எந்த நிரலின் நகலும் அன்று. இதை நீக்குவதா, வைத்துக்கொண்டு QR-க்குப் போவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. XᵀX-ஐ நூலகத்தின் அணிப் பெருக்கலுக்கு மாற்றியிருக்கிறேன், வேகக் குறை தீர்ந்துவிட்டது.